பொட்டாசியம் 7.3: நான் எழுதிய வேலைக் கடிதம்

ஈப்போவில் ஒரு நோயறி ஆய்வகத்துக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதினேன். சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் போனால் பெரிய தூரமில்லை, இங்கே கிளினிக்கை ஒட்டியிருக்கும் எங்கள் சின்ன லேப்பிலிருந்து தினமும் மத்தியானம் மாதிரிப் பைகள் போகிற அதே சாலைதான். கடிதம் மலாயில் போனது. படித்துப் பார்த்த என் அக்கா, "என்னடி இது, வேலைக்கு எழுதினியா கேஸ் கட்டு எழுதினியா?" என்று கேட்டாள். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேப் டெக்னீஷியன்கள் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்ட்ரிஃபியூஜ், அனலைசர், மைக்ராஸ்கோப் இயக்கத் தெரியும், சுத்தம் கடைப்பிடிப்பேன், துல்லியமாக வேலை செய்வேன். மூன்று வரி, முடிந்தது. அதைப் படிக்கிற லேப் மேனேஜருக்கு என்ன தெரியவரும்? ஒன்றும் தெரியாது. அதனால் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, நான் என்ன செய்கிறேன், எதைப் பார்த்து நம்புகிறேன், எதைப் பார்த்து நம்ப மறுக்கிறேன் என்று எழுதினேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன், தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது படித்தால் உதவும்.

முதலில் இயந்திரங்கள். பெயர்களை அடுக்காமல் சென்ட்ரிஃபியூஜை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் எல்லாரும் தெரியும் என்று சொல்கிற, ஆனால் அதிகம் யோசிக்காத சாமான் அது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "மூவாயிரத்தில் பத்து நிமிஷம்" என்பார்கள். மூவாயிரம் என்பது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, அவ்வளவுதான். குழாயில் இருக்கிற இரத்தத்துக்கு அந்த எண் தெரியாது, அதன் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும், அந்த விசை ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தது.

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × rpm²
```

RCF என்பது அந்த விசை, புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று g-யில் சொல்வது. rpm நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, r என்பது மையத்திலிருந்து குழாயின் அடிவரை சென்டிமீட்டரில். ஆரம் 15 செ.மீ. இருக்கிற பெரிய இயந்திரத்தில் 3000 சுற்று ஓட்டினால் சுமார் 1500 g கிடைக்கும். மேசை மேல் வைக்கிற சின்னது, ஆரம் 10 செ.மீ. என்றால், அதே 3000 சுற்றில் கிடைப்பது சுமார் 1000 g மட்டும்தான். மஞ்சள் மூடிக் குழாயில் அடியில் ஒரு ஜெல் இருக்கிறதே, அது ஏறி வந்து இரத்த அணுக்களுக்கும் சீரத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்க வேண்டும். பெரும்பாலான ஜெல் குழாய்களுக்கு அதற்கு 1300 முதல் 2000 g வரை 10 நிமிஷம் தேவை, சரியான எண் குழாய்த் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். 1000 g-யில் ஜெல் பாதி ஏறி நிற்கலாம், மேலே பார்த்தால் சீரம் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் ஓரத்தில் விடுபட்ட இடத்தின் வழியாக அணுக்கள் சீரத்தோடு தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குழாய் ஈப்போ போய்ச் சேரும் நேரத்தில் பொட்டாசியம் கசிந்திருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும். அதனால் புது இடத்துக்குப் போனால் முதல் வேலையாக ரோட்டர் ஆரத்தை அளந்து, எங்கள் குழாய்க்கு எத்தனை சுற்று வேண்டும் என்று கணக்குப் போட்டு மூடியில் ஒட்டிவிடுவேன். இன்னொன்றும் உண்டு, சுழற்றுவதற்கு முன் சீரக் குழாயை நிறுத்தி வைத்து 30 நிமிஷம் உறையவிட வேண்டும். அவசரத்தில் பத்தாவது நிமிஷத்திலேயே சுழற்றினால் பிறகு சீரத்துக்குள் நூல் மாதிரி ஃபைப்ரின் உருவாகி அனலைசரின் ஊசியை அடைக்கும். எங்கள் கிளினிக்கில் அதற்காகவே சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு ரேக் வைத்திருக்கிறோம், குழாயில் இரத்தம் எடுத்த நேரத்தைப் பேனாவால் எழுதினால்தான் அதில் வைக்க விடுவேன்.

அனலைசரைப் பற்றி எழுதும்போது மாடல் பெயரைவிட கன்ட்ரோலைப் பற்றி எழுதினேன். தினமும் காலையில் நோயாளி மாதிரி எதுவும் ஏற்றுவதற்கு முன் மதிப்பு தெரிந்த திரவத்தை, குறைந்த அளவு ஒன்று, கூடிய அளவு ஒன்று என்று இரண்டை ஓட்டிப் பார்க்கிறோம். பொட்டாசியத்துக்கு ஒரு கன்ட்ரோலின் சராசரி 4.00, விலக்கம் 0.06 என்று வைத்துக்கொள்வோம். இன்று 4.13 வருகிறது, அதாவது 2 விலக்கத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. இது எச்சரிக்கை மட்டும், தற்செயலாகவே இருபதில் ஒரு முறை இப்படி வரும். ஆனால் நாளையும் 4.14 வந்தால், அதே பக்கத்தில் தொடர்ந்து இரண்டு முறை தாண்டியது தற்செயல் இல்லை, இயந்திரம் மெல்ல நகர்கிறது. 1981-இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் எழுதிய விதிகளில் இதை 2-2s என்பார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, எலக்ட்ரோடு எப்போது மாற்றியது, காலிபிரேஷன் எப்போது ஆனது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, கன்ட்ரோலை ஓட்டி ஓட்டி, எப்போது வரம்புக்குள் வருகிறதோ அதை எழுதிவிட்டு வேலையைத் தொடங்குவது. இருபதில் ஒரு முறை வெளியே போகிறது என்றால், நகர்ந்துவிட்ட இயந்திரமும் நாலைந்து தடவை ஓட்டினால் ஒரு தடவை உள்ளே வரத்தான் செய்யும். அதனால் என் கடிதத்தில் "கன்ட்ரோல் தோற்றால் காரணம் எழுதாமல் திரும்ப ஓட்ட மாட்டேன்" என்று ஒரு வரி வைத்தேன். சில மேனேஜர்களுக்கு அது பிடிக்காது என்றும் தெரியும்.

சுத்தம் என்ற பகுதி எளிதாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதுவும் நீண்டுவிட்டது. கையுறை போட்டிருந்தால் சுத்தம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதே கையுறையோடு கைப்பேசியை எடுப்பது, கதவைத் திறப்பது, கீபோர்டைத் தொடுவது எல்லாம் நடக்கும், கையுறை பாதுகாப்பது ஒருவரை மட்டும், அடுத்து அந்தக் கதவைத் தொடுபவரை இல்லை. கல்லீரல் அழற்சி பி கிருமி காய்ந்துபோன இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அதாவது திங்கட்கிழமை மேசையில் விழுந்து யாரும் கவனிக்காத ஒரு துளி, அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் அபாயம்தான். இரத்தம் சிந்தினால் என் முறை இது. முதலில் உறிஞ்சும் தாளால் மூடுவேன், பிறகு கடையில் கிடைக்கும் 5 சதவீத ப்ளீச்சில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அன்றைக்குக் கலந்ததை, அதன் மேல் ஊற்றி 10 நிமிஷம் அப்படியே விடுவேன். ஊற்றியவுடன் துடைத்தால் கிருமி சாகாது, ப்ளீச் வாசம் மட்டும் மிஞ்சும். நேற்றுக் கலந்த ப்ளீச் இன்றைக்குப் பலம் குறைந்திருக்கும், அதனால் புட்டியில் தேதி எழுதுவது எனக்குப் பழக்கம்.

சென்ட்ரிஃபியூஜுக்குள் குழாய் உடைந்துவிட்டால் அது வேறு விஷயம். "டக்" என்று சத்தம் கேட்டதும் கை தன்னால் மூடிக்குத்தான் போகும். போகக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும், உள்ளே புகையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நுண்துளிகள் கீழே படிவதற்கு. அதற்குப் பிறகு தடித்த கையுறை, முகக் கவசம், கண்ணாடித் துண்டை எடுக்க இடுக்கி, விரலால் எடுக்கக் கூடாது. அரை மணி நேரம் நோயாளிகள் காத்திருப்பார்கள், கவுண்டரில் முணுமுணுப்பார்கள், அதை நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே தோட்டத்து ஜனங்கள் காலைப் பிரட்டுக்குப் போவதற்குள் இரத்தம் கொடுத்துவிட்டு ஓட வேண்டியவர்கள், அவர்கள் கேட்பதும் நியாயம்தான். மூடியைத் திறக்காமல் இருப்பதும் நியாயம்தான்.

சுத்தத்துக்கும் துல்லியத்துக்கும் இருக்கிற தொடர்பை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. ஊசி குத்துவதற்கு முன் தோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கிறோம், அது காய 30 வினாடி வேண்டும், ஈரம் இருக்கும்போதே குத்தினால் நோயாளிக்குச் சுருக்கென்று எரியும், கூடவே இரத்த அணு உடைந்து சீரம் சிவப்பாக வரவும் கூடும். கையை விசிறி, வாயால் ஊதிக் காயவைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், துடைத்ததே வீண். இந்த ஒரே பழக்கத்தில் சுத்தமும் போகிறது, பொட்டாசியமும் போகிறது.

இனி துல்லியம். இதைத்தான் கடிதத்தில் நீளமாக எழுதினேன், ஒரு நோயாளியின் முடிவை எடுத்துக்கொண்டு. பெயர், கிளினிக் எதையும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

செம்பனைக் குலை வெட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர், இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, பெரிண்டோப்ரில் மாத்திரை சாப்பிடுகிறார். வேறு ஒரு கிளினிக்கில் எடுத்த இரத்தம் எங்களிடம் வந்தது. முடிவு இப்படி வந்தது: சோடியம் 139, பொட்டாசியம் 7.3, கிரியாட்டினின் 96. பொட்டாசியத்தின் வழக்கமான அளவு 3.5 முதல் 5.1 வரை. 7.3 என்றால் இதயம் தாறுமாறாக அடிக்கலாம், நின்றுபோகவும் வாய்ப்பிருக்கிறது. பெரிண்டோப்ரில் வகை மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பது டாக்டருக்குத் தெரியும், அதனால் இந்த எண்ணை நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அதுதான் ஆபத்து. நம்ப முடியாத எண் வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், நம்பும்படியான பொய்யான எண்தான் ஆளை மாட்டிவிடும்.

அன்றைக்குக் காலையில் கன்ட்ரோல் இரண்டும் அழகாக இருந்தது. கன்ட்ரோல் இயந்திரத்தைத்தான் சோதிக்கிறது, குழாய்க்குள் என்ன ஏறியிருக்கிறது என்பதைச் சோதிப்பதில்லை. இதை மறந்தவர்கள் "கன்ட்ரோல் ஓகே, ரிசல்ட் அனுப்பு" என்று அனுப்பிவிடுவார்கள்.

நான் முதலில் சீரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இளமஞ்சள், தெளிவு. அணு உடைந்திருந்தால் ரோஜா நிறமோ செந்நிறமோ வந்திருக்கும், அனலைசரும் ஹீமோலிசிஸ் குறியீட்டைக் காட்டியிருக்கும். அது இல்லை. அடுத்தது, குழாய் பிரிக்கப்படாமல் ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் இருந்ததா? இது எங்கள் ஊர்ப் பக்கம் நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறு. டெஸ்பாட்ச் மோட்டார் போய்விட்டது, நாளைக்கு அனுப்பலாம், கெடாமல் இருக்கட்டும் என்று பிரிஜ்ஜில் வைப்பார்கள். இரத்த அணுவின் சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும், குளிரில் அது சோம்பிப்போகும், பொட்டாசியம் வெளியே கசியும். நிறம் மாறாது, சீரம் தெளிவாகவே இருக்கும், பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் படிவத்தில் எடுத்த நேரம் அன்றைக்குக் காலை 11.40, எங்களிடம் வந்தது 12.30. இதுவும் இல்லை.

அப்புறம் படிவத்தில் கேட்டிருந்த மற்ற டெஸ்டுகளைப் பார்த்தேன். கால்சியம் 1.1. வழக்கமான அளவு 2.1 முதல் 2.6 வரை. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி 18, அது பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40-க்குக் குறையாது. மூன்றையும் ஒரே வரியில் வைத்தால் கதை தெரிந்துவிடும். பொட்டாசியம் ஏறியிருக்கிறது, கால்சியம் இறங்கியிருக்கிறது, பாஸ்படேஸ் இறங்கியிருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து பூசியிருப்பார்கள், EDTA என்று, பெரும்பாலும் அது பொட்டாசியத்தின் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் இரத்தம் உறைவதில்லை. பாஸ்படேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும், அவற்றையும் இது பிடித்துக்கொள்ளும். அதாவது ஊதா குழாயின் இரத்தம் கொஞ்சம் மஞ்சள் குழாய்க்குள் வந்திருக்கிறது.

கணக்கு சரிவருகிறதா என்று பார்க்கலாம். ஊதா குழாயில் ஒரு மில்லி இரத்தத்துக்கு சுமார் 1.8 மில்லிகிராம் EDTA இருக்கும். அணுக்கள் போக மிச்சமிருக்கும் பிளாஸ்மாவில் மட்டும் அது கரைவதால், ஊதா பிளாஸ்மாவில் பொட்டாசியம் 20 பக்கம் வந்துவிடும். நோயாளியின் உண்மையான அளவு 4.2 என்றால், மஞ்சள் குழாயில் ஐந்தில் ஒரு பங்கு ஊதா இரத்தமாக இருந்தாலே 4.2-இல் ஐந்தில் நாலு பங்கு 3.4, 20-இல் ஐந்தில் ஒரு பங்கு 4, கூட்டினால் 7.4. கிட்டத்தட்ட அதே எண். அதனால் ஊசி முனையில் ஒட்டிய ஒரு துளியால் இது வந்திருக்க வழியில்லை, யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். மிஸி நல்லவர், மறைக்கவில்லை.

"மிஸி, இன்னைக்குக் காலையில வந்த தாத்தாவுக்கு எந்தக் குழாய் முதல்ல எடுத்தீங்க?"

"ஊதாதான்மா. வெயில்ல வேலை செஞ்சிட்டு நேரா வந்தாரு, தண்ணியே குடிக்கல போல, நரம்பு சுருங்கிப் போச்சு. ஊதா நிரம்பிடுச்சு, மஞ்சள் பாதிலேயே நின்னுடுச்சு. திரும்பக் குத்தினா பாவமேன்னு ஊதாவிலேர்ந்து கொஞ்சம் ஊத்தினேன்."

பாவம் பார்த்து செய்ததுதான். தோட்டத்து ஆட்கள் மத்தியானம் வரும்போது நரம்பு கிடைப்பது கஷ்டம், ஒரு மனுஷனை இரண்டு முறை குத்த யாருக்கும் மனசு வராது. ஊதா முதலில் எடுத்ததும் ஒரு பயத்தால், அதில் உறைந்துவிட்டால் தட்டணு எண்ணிக்கை கெட்டுவிடும், டெங்கி காலத்தில் அதைத்தானே டாக்டர் முதலில் கேட்கிறார். ஆனால் முறைப்படி வரிசை வேறு: நீல மூடி, பிறகு மஞ்சள் அல்லது சிவப்பு, பிறகு பச்சை, அதற்கப்புறம்தான் ஊதா, கடைசியில் சாம்பல். மூடிய குழாய் முறையில் வரிசை மாறினாலும் கலப்பு பெரும்பாலும் மிகக் கொஞ்சம்தான், மூடியைத் திறந்து ஊற்றுவதுதான் பெரிய கேடு. மஞ்சள் பாதிதான் இருக்கிறதென்றால் பாதியாகவே அனுப்புங்கள், சீரக் குழாய் பாதியாக இருந்தாலும் நாங்கள் செய்துவிடுவோம், ஊதாவும் நீலமும்தான் கோடுவரை நிரம்ப வேண்டும் என்று சொன்னேன். அதை அவர் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

திரும்ப எடுத்ததில் பொட்டாசியம் 4.3, கால்சியம் 2.31, பாஸ்படேஸ் 74. தாத்தா அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தார், எழுப்பிக் கூட்டி வந்தார்கள், திட்டிக்கொண்டேதான் கை நீட்டினார். 7.3 என்று ரிப்போர்ட் போயிருந்தால் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றியிருப்பார்கள். உண்மையில் 4.3 இருக்கிற ஆளுக்கு அதைச் செய்தால் பொட்டாசியம் கீழே போகும், சர்க்கரையும் கீழே போகும்.

இந்தக் கேஸ் சுலபமானது என்றும் கடிதத்தில் எழுதினேன், ஏனென்றால் கலப்பு நிறைய இருந்தது. கொஞ்சமாகக் கலந்தால் பொட்டாசியம் 4.3-க்குப் பதில் 5.1 வரும், கால்சியம் 2.1 பக்கம் நிற்கும், இரண்டும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அதைக் கால்சியத்தை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. அதே நோயாளியின் பழைய முடிவு கையில் இருந்தால், மூன்று மாதம் முன்பு 4.2 இருந்தவருக்கு இன்று ஏன் 5.1 என்று கேட்கலாம். சில பெரிய லேப்களில் EDTA-வையே நேராக அளக்கிறார்கள், எங்களைப் போன்ற இடத்தில் அந்த வசதி கிடையாது. படிவத்தில் கால்சியம் கேட்கவே இல்லையென்றாலும், பொட்டாசியம் 6-ஐத் தாண்டி, சீரம் தெளிவாக இருந்தால், நானாகவே மீதியிருக்கும் சீரத்தில் கால்சியம் போட்டுப் பார்த்துவிடுவேன். செலவு சில ரிங்கிட், அதற்கு யாரிடமும் பணம் கேட்பதில்லை.

சாம்பல் மூடிக் குழாயும் இதே வேலையைச் செய்யும், அது சர்க்கரைக்கு உள்ளது. அதில் பெரும்பாலும் சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். அதிலிருந்து ஊற்றியிருந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், கூடவே சோடியமும் ஏறும். அன்று சோடியம் 139 என்று அமைதியாக இருந்ததால்தான் ஊதாவைச் சந்தேகப்பட்டேன்.

இன்னொரு காரணமும் இங்கே அடிக்கடி பார்க்கிறேன், இதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். நரம்பு தெரியவில்லை என்றால் "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்வோம். கட்டு இறுக்கியிருக்கும்போது முஷ்டியை மூடித் திறந்தால் முன்கைத் தசையிலிருந்து பொட்டாசியம் இறங்கி அந்த நரம்பில் கலக்கும், முடிவு 1 அளவுக்குக்கூட ஏறலாம். செம்பனை வெட்டும் ஆட்களுக்கு முன்கைத் தசை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டை ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்க்க வேண்டும், கை ஒருமுறை மூடினால் போதும்.

கடைசியில் அந்த லேப்புக்கு நான் இரண்டு கேள்வி எழுதினேன். வேலை கேட்டு எழுதுகிறவள் கேள்வி கேட்கலாமா என்று அக்கா முகம் சுளித்தாள், கேட்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல் கேள்வி, உங்கள் லேப்புக்கு மருத்துவ ஆய்வகங்களுக்கான ISO 15189 தர அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் எந்தெந்த டெஸ்டுகளுக்கு. அங்கீகாரம் லேப்பின் பெயருக்கு மட்டும் கிடைப்பதில்லை, ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும், லெட்டர்ஹெட்டில் முத்திரை இருந்தால் எல்லா டெஸ்டுக்கும் உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்வி, மாதிரி சரியில்லை என்று மேசையில் வேலை செய்கிற டெக்னீஷியன் சொன்னால் அது அங்கேயே முடிந்துவிடுமா, அல்லது கிளினிக் வாடிக்கை போய்விடும் என்று மார்க்கெட்டிங் ஆள் வந்து "போனால் போகட்டும், ரிப்போர்ட் போடு" என்று சொல்ல முடியுமா? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அதுதான் நடந்தது, அங்கிருந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே "ஹீமோலிசிஸ், கவனத்துடன் பார்க்கவும்" என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டு எண்ணையும் போட்டுவிடுவார்கள். எண் இருந்தால் எண்ணைத்தான் டாக்டர் படிப்பார், அடியில் இருக்கிற வரியை யார் படிக்கிறார்கள்? மாதிரி சரியில்லை என்றால் பொட்டாசியத்துக்கு எதிரே எண் இருக்கக் கூடாது, காரணத்தை எழுதி, திரும்ப எடுக்கச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குப் போனில் சொன்னோம் என்று பதிவு செய்ய வேண்டும். போனில் சொல்லும்போது அவர்களைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும், "ஏழு புள்ளி மூணு" என்பது சத்தமான கிளினிக்கில் "மூணு புள்ளி ஏழு" ஆகிவிடும்.

பதில் வந்தது. நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், முதல் கேள்விக்கு அங்கீகாரப் பட்டியலை இணைத்திருந்தார்கள், பொட்டாசியம் அதில் இருந்தது. இரண்டாவதற்கு "நேரில் பேசலாம்" என்று மட்டும். கூடவே, கடிதத்தில் எழுதிய கேஸுக்கு ஆதாரம் இருந்தால் கொண்டு வரவும் என்று ஒரு வரி. அது ஒரு சோதனையாகவும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். நோயாளியின் ரிப்போர்ட்டை நகலெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிற டெக்னீஷியனை அவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. நான் கொண்டு போவது என் பதிவுச் சான்றிதழ், எங்கள் டாக்டரிடம் அனுமதி வாங்கி எடுத்த கன்ட்ரோல் வரைபடத்தின் நகல், அப்புறம் மாதிரியை மறுக்கும்போது நாங்கள் நிரப்புகிற படிவத்தின் வெற்றுத் தாள் ஒன்று.